டாக்டோரல் கமிட்டி மினிட்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முனைவர் பட்ட மாணவரின் ஆய்வு முன்னேற்றத்தைப் பார்க்கப் பருவத்துக்கு ஒரு முறை டாக்டோரல் கமிட்டி கூடுகிறது. அது கூடி முடிந்த மறுநாளே ஆய்வு மாணவர்களிடமிருந்து ஒரே விதமான கேள்விகள் வரத் தொடங்கிவிடுகின்றன. இளைய நெறியாளர்களும் அவற்றையே கேட்கிறார்கள், கொஞ்சம் தயங்கித் தயங்கி. அப்படி வந்தவற்றைத் தொகுத்திருக்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள் இந்தக் குழுவை ஆய்வு ஆலோசனைக் குழு என்கின்றன. தமிழ்நாட்டில் பல இடங்களில் டாக்டோரல் கமிட்டி என்றால்தான் எல்லோருக்கும் புரியும். கூட்டத்தில் நடந்ததைப் பதிவுசெய்யும் மினிட்ஸ் படிவங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். இங்கே சொல்வது படிவத்துக்குள் என்ன எழுதுவது என்பதைப் பற்றி.

கூட்டத்துக்கு முன்பே முன்னேற்ற அறிக்கை கொடுத்துவிட்டேன். பிறகு மினிட்ஸ் எதற்கு?

முன்னேற்ற அறிக்கையில் பேசுபவர் நீங்கள். மினிட்ஸில் பேசுவது குழு. உங்கள் அறிக்கையைக் கேட்டுவிட்டுக் குழு எதை ஏற்றது, எதை ஏற்கவில்லை, அடுத்த கூட்டத்துக்குள் என்ன நடக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு இருக்கும் ஒரே எழுத்துச் சான்று அதுதான். 2022 விதிமுறைப்படி, குழு தன் பரிந்துரைகளை உங்கள் முன்னேற்ற அறிக்கையின் நகலோடு சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே இரண்டும் ஒரே உறையில் போனாலும் இரண்டு வேறு ஆவணங்கள்.

ஆரம்பத்தில் இதன் பயன் தெரியாது. நான்காம், ஐந்தாம் ஆண்டில் தெரியும். தலைப்பை மாற்ற, கால நீட்டிப்புக் கேட்க, உதவித்தொகையின் அடுத்த நிலைக்குப் போக, நெறியாளர் ஓய்வுபெற்றுப் புதியவர் வரும்போது கோப்பை ஒப்படைக்க என்று ஒவ்வொரு கட்டத்திலும் அலுவலகம் பழைய மினிட்ஸைத்தான் புரட்டிப் பார்க்கும். அறையில் இல்லாத ஒருவர் மூன்று ஆண்டு கழித்துப் படித்தாலும் விளங்க வேண்டும். எழுதும்போது அந்த ஒருவரை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் வராது.

நெறியாளர், "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். இது முறையா?

குழுவின் அமைப்பாளர் நெறியாளர்தான். மினிட்ஸுக்குப் பொறுப்பும் அவருடையது. ஆனால் முதல் வரைவை மாணவர் எழுதுவது எங்கும் நடப்பதுதான். கேட்டவற்றைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று பார்க்க நல்ல வாய்ப்பும்கூட. வரைவு உங்களுடையதாக இருக்கலாம். உங்கள் வேலையைப் பற்றிய மதிப்பீட்டு வரி மட்டும் உங்களுடையதாக இருக்கக் கூடாது. "ஆய்வாளரின் முன்னேற்றம் மிகச் சிறப்பாக உள்ளது" என்று தனக்குத் தானே எழுதிக்கொண்டு கையெழுத்துக்கு நீட்டும் வழக்கம் இருக்கிறது. அந்த வரிக்கான இடத்தைக் காலியாக விடுங்கள், குழு நிரப்பட்டும்.

வரைவை அன்று மாலையே, முடியாவிட்டால் மறுநாள், எழுதிவிடுங்கள். வெளி உறுப்பினர் சொன்ன நுணுக்கமான விஷயம் ஒரு வாரத்தில் "முறையியலை மேம்படுத்தச் சொன்னார்" என்று சுருங்கிவிடும்.

மினிட்ஸில் என்னென்ன இருக்க வேண்டும்?

கூட்டம் எத்தனையாவது, நாள், நேரம், இடம், யார் வந்தார்கள், யார் வரவில்லை, உங்கள் பதிவு எண், பதிவு செய்த நாள், ஒப்புதல் பெற்ற தலைப்பு. இவை தலைப்பகுதி, படிவமே கேட்டுவிடும். அதன் பிறகு சென்ற கூட்டத்தின் முடிவுகள் ஒவ்வொன்றும் என்ன ஆயின, இந்தப் பருவத்தில் என்ன நடந்தது, குழு என்ன சொன்னது, அடுத்த கூட்டத்துக்குள் என்ன முடிய வேண்டும், ஒட்டுமொத்தப் பரிந்துரை, கையெழுத்துகள்.

பெரும்பாலான மினிட்ஸில் காணாமல் போவது முதலாவது, அதாவது சென்ற கூட்டத்தின் முடிவுகள் என்ன ஆயின என்பது. ஒவ்வொரு மினிட்ஸும் புதிதாகப் பிறந்ததுபோல் தொடங்குகிறது. ஆறு மினிட்ஸை வரிசையாக வைத்துப் படித்தால் ஆறு வெவ்வேறு ஆய்வுகள் நடந்ததுபோல் இருக்கும்.

"முன்னேற்றம் திருப்திகரமாக உள்ளது, பணியைத் தொடரலாம்." இந்த ஒரு வரி போதாதா?

அன்றைக்குப் போதும். பிறகு போதாது. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். கற்பனையானதுதான், ஆனால் இது போன்ற கோப்புகள் எல்லா அறிவியல் துறைகளிலும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி பகுதியில் பாலாற்றை ஒட்டிய கிணறுகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் குரோமியம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது ஆய்வு. மாணவி இரண்டாம் ஆண்டில் இருக்கிறார். 40 கிணறுகளில் மழைக்கு முன்பும் பின்பும் நீர் எடுப்பதாகத் திட்டம். மே மாதம் போனபோது 9 கிணறுகள் வற்றிக் கிடந்தன. 31இல்தான் எடுக்க முடிந்தது. ஜூலையில் குழு கூடுகிறது.

இதை "மழைக்கு முந்தைய மாதிரிகள் சேகரிக்கப்பட்டன" என்று எழுதினால் பொய் இல்லை. ஆனால் ஆய்வேடு மதிப்பீட்டுக்குப் போகும்போது, 40 என்று சொல்லிவிட்டு 31தானே இருக்கிறது என்று ஒரு தேர்வாளர் கேட்பார். அப்போது கைகொடுப்பது இப்படி ஒரு வரி:

"திட்டமிட்ட 40 கிணறுகளில் 31இல் மே மாதம் மாதிரி எடுக்கப்பட்டது. 9 கிணறுகள் வற்றியிருந்தன (பட்டியல் இணைப்பு 1). இந்த 9க்கு மாற்றுக் கிணறுகள் தேடத் தேவையில்லை எனவும், இரு பருவங்களிலும் நீர் உள்ள கிணறுகளை மட்டும் ஒப்பிட்டால் போதும் எனவும் குழு கருதியது."

குறை வெளியே தெரிகிறது, காரணம் தெரிகிறது, அதைக் குழு எப்படித் தீர்த்தது என்பதும் தெரிகிறது. மாணவிக்கு இது பாதுகாப்பு. குறையை மறைத்து எழுதிய மினிட்ஸ் யாரையும் காப்பாற்றுவதில்லை.

ஒன்றரை மணி நேரம் பேசுகிறார்கள். எல்லாவற்றையும் எழுத வேண்டுமா?

வேண்டாம். பேச்சை விட்டுவிட்டு முடிவை எழுதுங்கள். ஆனால் முடிவுகளிலும் மூன்று வகை உண்டு. அவற்றைக் கலந்து எழுதுவதுதான் பின்னால் வரும் சண்டைகளுக்கு வேர். ஒருவர் "இந்தக் கட்டுரையையும் படித்துப் பாருங்களேன்" என்கிறார், அது யோசனை. "இதைச் செய்தால் ஆய்வு வலுவாகும்" என்று குழு சொன்னால் ஆலோசனை. மாணவர் பரிசீலித்து, ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். "இதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது" என்றால் அது நிபந்தனை.

நம் எடுத்துக்காட்டிலேயே பார்க்கலாம். களத்தில் மாதிரி எடுத்தவுடன் எல்லாப் புட்டிகளிலும் நைட்ரிக் அமிலம் சேர்த்திருக்கிறார் மாணவி. மொத்தக் குரோமியத்தை அளக்க அதுதான் சரியான முறை. ஆனால் நச்சுத்தன்மை மிகுந்த, ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தை அளக்க அதே புட்டியைப் பயன்படுத்தினால், அமிலச் சூழலில், அதுவும் கரிமக் கழிவு கலந்த நீரில், அது மூன்று இணைதிறன் நிலைக்கு இறங்கிவிடும். கருவி குறைந்த அளவைக் காட்டும். நீர் நல்ல நீர் என்று தவறாக முடிவுகட்டிவிடுவோம். வேதியியல் துறையிலிருந்து வந்த வெளி உறுப்பினர் இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

இதை "மாதிரிகளைப் பாதுகாக்கும் முறையை மேம்படுத்துமாறு ஆலோசனை வழங்கப்பட்டது" என்று எழுதினால், ஓராண்டு கழித்துப் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. மே மாத எண்களும் ஆய்வேட்டுக்குள் நுழைந்துவிடும். எழுத வேண்டியது இது: "மே மாத மாதிரிகளில் அளந்த ஆறு இணைதிறன் குரோமிய அளவுகள் ஆய்வேட்டில் பயன்படுத்தப்படக் கூடாது, அமிலம் சேர்க்கப்பட்டதே காரணம். மொத்தக் குரோமிய அளவுகள் செல்லும். இனி ஒவ்வொரு கிணற்றிலும் இரண்டு புட்டிகள் எடுக்க வேண்டும்: ஒன்றில் அமிலம், மற்றொன்றில் அமிலம் சேர்க்காமல் குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் அளவீடு." இது நிபந்தனை. அதே கூட்டத்தில் இன்னொருவர் "வரைபடங்களின் நிறத்தை மாற்றுங்கள்" என்றாரே, அதற்கு மினிட்ஸில் இடமே வேண்டாம்.

மைல்கற்கள் என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் எப்படி எழுதுவது?

ஒரு மைல்கல்லைப் படித்தவுடன் யார், எதை, எப்போதுக்குள், முடிந்தது என்பதற்கு எதைக் காட்டுவார் என்ற நான்கும் தெரிய வேண்டும். "களப்பணியைத் தொடர்தல்", "இலக்கிய மதிப்பாய்வை விரிவாக்குதல்" போன்றவை முடிவே இல்லாத வேலைகள். முடியாத ஒன்றை முடித்தாரா என்று அடுத்த கூட்டத்தில் யாராலும் கேட்க முடியாது. ஒருவேளை அதனால்தான் இந்த வாக்கியங்கள் அவ்வளவு பிரபலமோ என்னவோ.

தேதியை வேலையின் இயல்பிலிருந்து எடுங்கள், கூட்டத் தேதியிலிருந்து எடுக்காதீர்கள். பாலாற்றுக் கிணறுகளில் மழைக்குப் பிந்தைய மாதிரி என்றால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஜனவரியில் எடுத்தாக வேண்டும். "அடுத்த கூட்டத்துக்குள்" என்று பொதுவாகப் போட்டு அது பிப்ரவரி, மார்ச் என்று நழுவினால் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியிருக்கும். தவறவிட்டால் ஓராண்டு போய்விடும். ஆகவே: "ஜனவரி 31க்குள் 31 கிணறுகளிலும் இரட்டைப் புட்டி முறையில் மாதிரி எடுத்தல், சான்று: களப் பதிவேட்டின் நகல். ஆறு இணைதிறன் குரோமிய அளவீடு மாதிரி எடுத்த 24 மணி நேரத்துக்குள். சான்று: நிறமாலைமானியின் பதிவுத்தாள். மொத்தக் குரோமிய அளவீடு ஏப்ரல் 30க்குள்." ஒரே களப்பணியை ஏன் மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று தோன்றலாம். இரண்டு அளவீடுகளும் வேறு வேறு கருவிகளில் நடப்பவை, வேறு வேறு அவசரம் உள்ளவை. பிரித்து எழுதியதன் பலன் மைல்கல் தவறுவது பற்றிய கேள்வியில் தெரியும்.

ஒரு பருவத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு மைல்கற்கள் போதும். பத்து எழுதுபவர்கள் ஐந்தைத்தான் முடிப்பார்கள், மீதி ஐந்து கோப்பில் கறையாக நிற்கும்.

மைல்கற்கள் எல்லாம் மாணவர் தலையில்தானா? நெறியாளருக்கு ஒன்றும் இல்லையா?

இருக்க வேண்டும். கருவி நேரம் பெற்றுத் தருவது, வேதிப்பொருள் வாங்கும் கோப்பில் கையெழுத்திடுவது, அனுப்பிய இயலைப் படித்துத் திருப்பித் தருவது, களப்பணிக்கு அனுமதிக் கடிதம் தருவது எல்லாம் மாணவரின் கையில் இல்லை. "இயல் 2இன் வரைவு செப்டம்பர் 15க்குள் மாணவரால் அளிக்கப்படும், நெறியாளர் அக்டோபர் 15க்குள் கருத்துரை தருவார்" என்று எழுதுவதில் யாருக்கும் அவமதிப்பு இல்லை. நல்ல நெறியாளர்கள் இதைத் தாமே சொல்லி எழுதவைப்பார்கள்.

வரைவு எழுதும் மாணவர் இந்த வரியைத் தாமாகச் சேர்ப்பது சங்கடம்தான். குழுவில் மற்ற உறுப்பினர் ஒருவர் கேட்பதுபோல் அமைவது நல்லது. கூட்டத்திலேயே, "சார், இதற்குக் கருவி நேரம் எப்போது கிடைக்கும்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிடுங்கள். வரும் பதில் தானாகவே மினிட்ஸுக்கு உரியதாகிவிடும்.

"இரண்டு கட்டுரைகள் வெளியிட வேண்டும்" என்று மைல்கல் எழுதினார்கள். வெளிவராவிட்டால் என் தவறா?

வெளியாவது உங்கள் கையில் இல்லை. இதழுக்கு அனுப்புவது உங்கள் கையில் இருக்கிறது. எனவே மைல்கல்லை "கட்டுரையை நவம்பர் 30க்குள் இதழுக்கு அனுப்புதல், சான்று: இதழின் பெறுகை மின்னஞ்சல்" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். மதிப்பீட்டாளர்கள் எட்டு மாதம் எடுத்துக்கொண்டாலும் நீங்கள் தவறியவர் ஆக மாட்டீர்கள். அடுத்த கூட்டத்தில் "அனுப்பப்பட்டது, மதிப்பீட்டில் உள்ளது" என்று எழுதிக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. 2016 விதிமுறை ஆய்வேடு அளிக்கும் முன் ஓர் இதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகளும் வேண்டும் என்றது. 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தன் விதிகளில் வைத்திருக்கலாம். குழு எந்த விதியின் கீழ் கேட்கிறது என்பதை மினிட்ஸில் ஒரு வரியில் குறித்துவிட்டால், எந்த ஆண்டு சேர்ந்தவருக்கு எது பொருந்தும் என்ற வாதம் கடைசி நேரத்தில் கிளம்பாது.

ஒரு உறுப்பினர் ஒன்று சொல்கிறார், மற்றவர் நேர் எதிராகச் சொல்கிறார். மினிட்ஸில் இரண்டையும் எழுதுவதா?

இரண்டையும் எழுதலாம், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. குரோமியம் எந்தத் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து வருகிறது என்று கண்டறியும் பகுப்பாய்வையும் சேர்க்க வேண்டும் என்கிறார் ஒருவர். அது தனி ஆய்வேடாகிவிடும், வேண்டாம் என்கிறார் இன்னொருவர். இருவர் சொன்னதையும் அப்படியே எழுதி முடித்தால் மாணவி இரண்டு எஜமானர்களிடம் மாட்டிக்கொள்வார். எதைச் செய்தாலும் அடுத்த கூட்டத்தில் ஒருவர் முகம் சுளிப்பார்.

அமைப்பாளர் அங்கேயே கேட்டுத் தீர்க்க வேண்டும். "மூலத்தைக் கண்டறியும் பகுப்பாய்வு பற்றி இரு கருத்துகள் வந்தன. தற்போதைய ஆய்வின் எல்லைக்குள் அது சேர்க்கப்படவில்லை, முடிவுரையில் எதிர்கால ஆய்வாகக் குறிப்பிடலாம்" என்று ஒரு முடிவோடு நிற்கட்டும். அன்று முடியவில்லை என்றால், யார் எப்போதுக்குள் தீர்ப்பார் என்பதையாவது எழுதுங்கள். உறுப்பினர்களின் பெயரைப் போட்டு இவர் இதைச் சொன்னார் என்று எழுதத் தேவையில்லை. தம் மாற்றுக் கருத்து பதிவாக வேண்டும் என்று ஒருவர் கேட்டால் மட்டும் பெயரோடு எழுதுங்கள்.

வெளி உறுப்பினர் வரவில்லை. பிறகு அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாமா?

வராதவரை வந்தவராகக் காட்டி வாங்கக் கூடாது. எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும், இணையவழியில் கலந்துகொள்ளலாமா என்பதை உங்கள் பல்கலைக்கழக விதியில் பாருங்கள். இணையவழியில் வந்தால் அதை அப்படியே குறிப்பிட்டு, வரைவை மின்னஞ்சலில் அனுப்பி, அவர் அனுப்பும் ஒப்புதல் மின்னஞ்சலை அச்செடுத்து இணைத்துவிடலாம். வரவே இல்லை, ஆனால் அறிக்கையைப் படித்துக் கருத்து அனுப்பினார் என்றால் "வரவில்லை; எழுத்துமூலக் கருத்து இணைப்பு 2" என்று எழுதுங்கள்.

கூட்டமே நடக்கவில்லை. பழைய தேதி போட்டு மினிட்ஸ் தயார் செய்யச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

செய்யாதீர்கள். அறம் ஒருபுறம் இருக்கட்டும். இப்படித் தயாரித்த தாள்கள் மிக எளிதில் பிடிபடுகின்றன. அந்தத் தேதியில் ஓர் உறுப்பினர் வெளிநாட்டில் இருந்திருப்பார். இன்னொருவர் விடுப்பில் இருந்திருப்பார். அது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். மூன்று பருவங்களின் மினிட்ஸ் ஒரே மையில், ஒரே மடிப்போடு இருக்கும். மாட்டிக்கொண்டால் கேள்வி எழுவது அந்த ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் இருக்காது, முழுக் கோப்பின் மேலும் எழும்.

விட்டுப்போன கூட்டத்துக்கு நேர்மையான வழி உண்டு. இன்றைய தேதியில் கூட்டம் கூட்டுங்கள். "சென்ற பருவத்தில் கூட்டம் நடைபெறவில்லை, காரணம் இது. இரு பருவங்களின் முன்னேற்றமும் இக்கூட்டத்தில் பரிசீலிக்கப்பட்டது" என்று எழுதுங்கள். அலுவலகம் விளக்கம் கேட்கலாம். விளக்கம் சொல்லிவிடலாம், போலித் தேதிக்குத்தான் விளக்கம் கிடையாது.

மைல்கல்லை எட்ட முடியவில்லை. அடுத்த மினிட்ஸில் அதை விட்டுவிடலாமா?

விட்டால் அடுத்தடுத்த மினிட்ஸைச் சேர்த்துப் படிப்பவர் கண்ணில் உடனே படும். என்ன நடந்தது, எது பாதிக்கப்பட்டது, எது பாதிக்கப்படவில்லை, புதிய தேதி என்ன என்று எழுதுங்கள். நம் மாணவி ஜனவரியில் மாதிரி எடுத்துவிட்டார், ஆறு இணைதிறன் அளவீட்டையும் 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். ஆனால் மொத்தக் குரோமியத்தை அளக்கும் அணு உட்கவர் நிறமாலைமானியில் குரோமியத்துக்கான விளக்கு பழுது. புது விளக்கு வாங்கும் கோப்பு ஏப்ரல் முழுவதும் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கிறது. மொத்தக் குரோமிய மைல்கல் தவறிவிட்டது.

மைல்கல்லை முன்பே பிரித்து எழுதியிருந்ததால் இப்போது சேதம் எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது. அமிலம் சேர்த்த மாதிரியை ஆறு மாதம் வரை வைத்து மொத்தக் குரோமியம் அளக்கலாம். ஆகவே: "மொத்தக் குரோமிய அளவீடு நடைபெறவில்லை, விளக்குப் பழுது. மாதிரிகள் அமிலத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன, ஜூலை நடுப்பகுதிக்குள் அளந்தால் செல்லும். ஜூன் 15க்குள் விளக்கு வராவிட்டால் வேறு ஆய்வகத்தில் அளக்க நெறியாளர் ஏற்பாடு செய்வார்." ஒரே வரியாக "மழைக்குப் பிந்தைய ஆய்வு முடியவில்லை" என்று எழுதியிருந்தால், நடந்து முடிந்த வேலையும் தவறிய வேலையோடு சேர்ந்து மூழ்கியிருக்கும்.

நிராகரிக்கப்பட்ட மே மாத ஆறு இணைதிறன் அளவுகளும் நினைவில் இருக்கட்டும். அவற்றை மீண்டும் எடுக்க அடுத்த மே வரை காத்திருக்க வேண்டும். அந்த ஓராண்டுத் தாமதம் ஜூலை மினிட்ஸில் காரணத்தோடு பதிவாகியிருக்கிறது. பின்னாளில் கால நீட்டிப்புக் கேட்கும் நிலை வந்தால் அந்த வரிதான் ஆதாரம். 2022 விதிமுறைப்படி சேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகள். மறுபதிவு மூலம் மேலும் இரண்டு ஆண்டுகள் வரை தரலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுற்றோருக்கும் இன்னும் இரண்டு ஆண்டுகள் தளர்வு உண்டு. நீட்டிப்பு விண்ணப்பத்தில் முதல் முறையாகத் தலைகாட்டும் காரணத்தை யாரும் எளிதில் நம்புவதில்லை.

குழந்தைப் பேறு விடுப்பில் போகிறேன். மைல்கற்கள் என்னவாகும்?

விதிமுறை ஆய்வுக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தை வளர்ப்பு விடுப்புக்கு இடம் தருகிறது. விடுப்பு ஆணை தனியாக வரும். ஆனால் மினிட்ஸிலும் "இந்த நாள் முதல் இந்த நாள் வரை விடுப்பு; மைல்கற்கள் 2, 3 ஆகியவற்றின் தேதிகள் அதற்கேற்பத் தள்ளிவைக்கப்படுகின்றன" என்று புதிய தேதிகளோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தவறிய மைல்கல்லாகவே அது கோப்பில் நிற்கும்.

"முன்னேற்றம் திருப்தியில்லை" என்று எழுதிவிட்டார்கள். பதிவை ரத்து செய்துவிடுவார்களா?

அந்த ஒரு வரியால் முடியாது. விதிமுறை இரண்டு படிகள் வைத்திருக்கிறது. முதலில் குழு ஏன் திருப்தியில்லை என்பதற்கான காரணங்களைப் பதிவுசெய்து, சரிசெய்யும் வழிகளையும் சொல்ல வேண்டும். அவற்றை நீங்கள் நிறைவேற்றத் தவறினால்தான், குறிப்பான காரணங்களோடு பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்க முடியும்.

ஆகவே அப்படி ஒரு மினிட்ஸ் கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, காரணமும் சரிசெய்யும் வழியும் அதில் இருக்கின்றனவா என்று. இல்லை என்றால் பணிவாக, எழுத்தில் கேளுங்கள்: "எந்தப் பணிகளை, எப்போதுக்குள் முடிக்க வேண்டும் என்று குழு எதிர்பார்க்கிறது எனத் தெரிவிக்க வேண்டுகிறேன்." இருந்தால், அவற்றை மைல்கற்கள்போல் நடத்துங்கள், ஒவ்வொன்றுக்கும் சான்று சேருங்கள். நெறியாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகள் "திருப்திகரம்" என்று மனமிரங்கி எழுதிவிட்டு ஐந்தாம் ஆண்டில் திடீரென்று ரத்துக்குப் பரிந்துரைத்தால் அது நிற்காது. உங்கள் பழைய மினிட்ஸே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

நடந்தது ஒன்று, மினிட்ஸில் எழுதியிருப்பது ஒன்று. கையெழுத்துப் போடலாமா?

முதலில் அது உண்மையில் தவறான பதிவா, அல்லது உங்களுக்குப் பிடிக்காத முடிவா என்று பாருங்கள். பிடிக்காத முடிவு என்றால் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் கையெழுத்து அதைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளம். தவறான பதிவு என்றால், திருத்தத்தை அமைப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள், எந்த வரி, எப்படி இருக்க வேண்டும் என்று குறிப்பிட்டு. குற்றச்சாட்டுத் தொனி வேண்டாம். "என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது, சரிபார்க்க முடியுமா ஐயா" என்றாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எல்லோரும் கையெழுத்திட்ட பிறகு தவறு தெரிந்தால் அந்தத் தாளைத் தொடக் கூடாது. வெள்ளை மை பூசுவதும் பக்கத்தை மாற்றுவதும் கூட்டமில்லாத மினிட்ஸுக்குச் சமம். அடுத்த கூட்டத்தின் முதல் வரியாகத் திருத்தத்தைப் பதிவுசெய்வதே வழி.

மினிட்ஸ் நகல் கேட்டால் "ரகசியம்" என்கிறார்கள்.

உங்கள் ஆய்வைப் பற்றிய பரிந்துரையின் நகல் உங்களுக்குத் தரப்பட வேண்டும் என்று 2022 விதிமுறையே சொல்கிறது. துறைத்தலைவர் வழியாக ஒரு கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்கவில்லை என்றால், அரசுப் பல்கலைக்கழகங்களில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அதே நெறியாளரோடுதான் இன்னும் சில ஆண்டுகள் ஓட்ட வேண்டும்.

தலைப்பைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். மினிட்ஸில் எழுதினால் போதுமா?

மினிட்ஸ் பரிந்துரைதான். பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் கடிதம் வந்த பிறகே தலைப்பு மாறியதாகக் கொள்ள வேண்டும். மினிட்ஸில் பழைய தலைப்பு, புதிய தலைப்பு, மாற்றக் காரணம், ஆய்வின் நோக்கங்கள் மாறுகின்றனவா இல்லையா என்ற நான்கும் வேண்டும். கடைசியானதுதான் முக்கியம். "40 கிணறுகளில்" என்ற சொற்களைத் தலைப்பிலிருந்து எடுப்பது சிறு மாற்றம். நிலத்தடி நீரிலிருந்து மண்ணுக்கு மாறுவது புதிய ஆய்வு. குழு அதைச் சிறு மாற்றமாக எழுதிக் கொடுத்தாலும் மேலே தடைபடும்.

ஆய்வுச் சுருக்கம் அளிக்கும் கடைசிக் கூட்டத்தின் மினிட்ஸில் தனியாக ஏதாவது வேண்டுமா?

ஆய்வேட்டை அளிக்கும் முன் துறை ஆசிரியர்களும் மற்ற ஆய்வாளர்களும் வந்து கேட்கக்கூடிய பொது அமர்வில் உங்கள் ஆய்வை முன்வைக்க வேண்டும். அங்கே வந்த கருத்துகளும், அவற்றில் எவற்றை ஆய்வேட்டில் சேர்க்கிறீர்கள் என்பதும் மினிட்ஸில் வர வேண்டும். அதற்கு முன், முதல் கூட்டத்திலிருந்து வந்த நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் ஆய்வேட்டின் எந்தப் பக்கத்தில் நிறைவேறியிருக்கிறது என்று எழுதி இணைப்பாகக் கொடுங்கள். நிராகரிக்கப்பட்ட மே மாத ஆறு இணைதிறன் அளவுகள் எங்கும் பயன்படுத்தப்படவில்லை என்பதும் அதில் ஒரு வரி. குழு அதைப் பார்த்துவிட்டு "முந்தைய நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேறின" என்று எழுதுவது எளிதாகும்.

பிறகு தலைப்பை ஒப்புதல் கடிதத்தோடு எழுத்தெழுத்தாக ஒத்துப்பாருங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும், காற்புள்ளி உட்பட. உங்கள் பெயரின் முன்னெழுத்தையும் பாருங்கள். கடைசி மினிட்ஸில் இருப்பது ஆய்வேட்டின் அட்டைக்குப் போகும், அட்டையில் இருப்பது பட்டச் சான்றிதழுக்குப் போகும். அங்கிருந்து திருத்தி வாங்க இன்னொரு கோப்பு திறக்க வேண்டியிருக்கும்.